இரண்டு கைப்பிடி, ஒரு ‘டக்’

சைக்கிள் வேலைகளில் உங்களுக்கு மிகப் பிடித்தது எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: பின்சக்கரத்தில் இறுகிப்போன கேசட்டைக் கழற்றுவது. பஞ்சர் ஒட்டுவது நல்ல வேலை. கோணல் சக்கரத்தை நிமிர்த்துவது நுட்பமான வேலை. ஆனால் லாக்ரிங் டூல் ஒரு கையிலும் செயின் விப் இன்னொரு கையிலுமாகச் சக்கரத்தின் மேல் குனிந்து அழுத்தும்போது, எங்கேயோ உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அதற்கு ஈடாக எதையும் நான் கண்டதில்லை. பொங்கலூரில் எங்கள் வீட்டு வாசலில் அந்தச் சத்தம் கேட்ட நாளெல்லாம் எனக்குப் பண்டிகைதான்.

கேசட் என்பது கியர் சைக்கிளின் பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக நிற்கும் பல்சக்கரத் தொகுப்பு. நம் ஊர்க் கடைகளில் அதையும் ‘ஃப்ரீவீல்’ என்றுதான் சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஃப்ரீவீல் ஹப்பின் மேல் மரையில் ஏறி உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் சுற்றினால் கடகடவென்று ஓடும் பொறியும் அதற்குள்ளேயே இருக்கும். கேசட்டில் அந்தப் பொறி, ஹப்போடு சேர்ந்த ஃப்ரீஹப் என்ற உருளைக்குள் போய்விட்டது. உருளையின் மேல் நீளவாக்கில் வரம்பு வரம்பாக மேடுகள் ஓடும். பல்சக்கரங்கள் அந்த மேடுகளில் செருகி நிற்கும், வெளியே ஒரு லாக்ரிங் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். நடுவில் டூல் நுழையும் வரிவரியான வளையம் பற்களோடு சேர்ந்து சுற்றினால் அது கேசட். வளையம் அசையாமல் நிற்க, பற்கள் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல். அதற்கு வேறு டூல், செயின் விப்பும் வேண்டாம்.

ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1978-ல் தன் டியூரா ஏஸ் வரிசையில் ஃப்ரீஹப்பைக் கொண்டுவந்தது. அப்போது லாக்ரிங் கிடையாது. கடைசிச் சிறு பல்சக்கரமே மரையில் ஏறி மற்றவற்றை இறுக்கிப் பிடிக்கும். அதைக் கழற்ற இரண்டு செயின் விப் வேண்டும்: ஒன்று பெரிய பல்லைப் பிடிக்க, இன்னொன்று சிறிய பல்லைத் திருப்ப. 1980-களின் கடைசியில் ஹைப்பர்கிளைடு வந்த பிறகுதான் இன்று நாம் பார்க்கும் லாக்ரிங் பரவியது. அந்தப் பழைய இரண்டு விப் வித்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நம்மைக் காப்பாற்றப் போகிறது.

எங்கள் பக்கத்துச் சைக்கிள்களில் கேசட் ஏன் இப்படி இறுகுகிறது? என்னிடம் வருகிற சைக்கிள்களை வைத்துச் சொல்கிறேன். முதல் காரணம் தண்ணீர். போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவி அப்படியே வெயிலில் நிறுத்திவிடுகிறோம். ஃப்ரீஹப் அலுமினியமாகவும் பல்சக்கரம் எஃகாகவும் இருந்தால், உப்புத் தண்ணீர் அந்த இரண்டு உலோகங்களுக்கும் நடுவில் புகுந்து அலுமினியத்தை வெள்ளை மாவாக அரிக்கும். வாட்டர் சர்வீஸில் அழுத்தத்தோடு அடிக்கிற தண்ணீர் இன்னும் உள்ளே போய் மரையிலேயே தங்கும். இரண்டாவது, பஞ்சு. தறிக்கூடத்திலும் நிட்டிங் கம்பெனியிலும் நிறுத்தி எடுக்கிற சைக்கிளின் பற்களுக்கு நடுவே எண்ணெயில் ஊறிய பஞ்சுத் தூசி திரித்திரியாகச் சுற்றியிருக்கும். அது ஈரத்தை விடாது. அதன் மேல் செயினுக்கென்று தேங்காய் எண்ணெயும் விட்டிருந்தால், காய்ந்து பிசினாகி எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிவிடும்.

மூன்றாவது காற்று. ஆடிக்கு முன்னும் பின்னும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று எங்கள் ஊரைப் புரட்டி எடுக்கும். சுற்றிலும் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. கோவை–திருச்சி சாலை மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. பொங்கலூரிலிருந்து காங்கேயம் போகும்போது காற்று முதுகில் தள்ளும். ஆட்கள் கடைசிச் சிறு பற்களில் போட்டு முழு பலத்தோடு மிதிப்பார்கள். பெரிய பற்கள் ஆறேழு ஒன்றாக ரிவெட் அடித்திருப்பதால் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். சிறிய பற்கள் தனித்தனி. மிதிக்கும் விசை முழுவதையும் ஒரு மெல்லிய தகடு மட்டும் அலுமினிய மேட்டில் இறக்கும்போது, அது உளி மாதிரி மேட்டை வெட்டி உள்ளே இறங்கிவிடும். பிறகு லாக்ரிங்கைக் கழற்றினாலும் பல் வெளியே வழுக்கி வராது.

ஆக, ‘கேசட் கழலவில்லை’ என்று யாராவது சொன்னால் அதற்குள் இரண்டு வெவ்வேறு நோய் இருக்கலாம். லாக்ரிங் மரை இறுகியது ஒன்று. பற்கள் மேட்டைக் கடித்துக்கொண்டது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே வந்த ஒரு சைக்கிளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதைப் போல என்னை மகிழ்வித்த வேலை வேறில்லை.

அது என் மாமா மகனுடைய சைக்கிள். ஒன்பது கியர் கேசட். பெரிய ஆறு பல் ஒரே ரிவெட் கட்டு, சிறிய மூன்றும் தனித்தனி. பல்லடத்தில் பழைய சைக்கிளாக வாங்கியது. கேசட்டைச் சுற்றிப் பஞ்சும் கறுப்புப் பிசினுமாக ஒரு வளையம். கடை ஒன்றில் லாக்ரிங்கை உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டிப் பார்த்த தழும்பு வேறு. நல்லவேளை, டூல் உட்காரும் பன்னிரண்டு வரியும் சேதமில்லை. அந்த வரிகள் நசுங்கியிருந்தால் வேலை அங்கேயே நின்றிருக்கும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது அவற்றைத்தான். உள்ளே இருக்கிற அழுக்கைக் குச்சியால் சுரண்டி எடுத்து, டூல் அடிவரை முழுதாக இறங்குகிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். அரைகுறையாக உட்கார்ந்த டூலில் பலம் கொடுத்தால் வரி வழுக்கி மழுங்கிவிடும்.

அடுத்தது எண்ணெய். சக்கரத்தைப் படுக்க வைத்து, கேசட் மேலே பார்த்தபடி, லாக்ரிங்குக்கும் கடைசிப் பல்லுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மரை உள்ளே இருப்பதால் எண்ணெய் அங்கே ஊறிச் சேர நேரமாகும். ஓர் இரவு விட்டுவிடுவது நல்லது. தாராளமாகக் கொட்டக் கூடாது. ஃப்ரீஹப்பின் பேரிங் கிரீஸைக் கரைத்துக்கொண்டு போய்விடும். டிஸ்க் பிரேக் சக்கரமாக இருந்தால் அடியில் இருக்கும் டிஸ்க்கை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். அதன் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் பிரேக் கத்தும், பிடிக்காது.

காலையில் கொதிநீர். இதில் ஒரு அழகான விஷயம் இருக்கிறது. சூடானால் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். லாக்ரிங் அலுமினிய உருளைக்கு உள்ளே இருக்கிறது. ஆகவே சூடு பட்டால் உருளை விரிந்து எஃகு லாக்ரிங்கின் பிடி தளரும். பற்கள் அதே உருளைக்கு வெளியே இருக்கின்றன. அங்கே அதே சூடு பிடியை இறுக்கும். அதனால் கொதிநீர் லாக்ரிங்குக்கு மட்டுமான மருந்து. பற்கள் கடித்துக்கொண்டிருந்தால் ஆறவிட்டுத்தான் தொட வேண்டும். கேஸ் தீயைக் காட்டவே கூடாது. உள்ளேயிருக்கும் சீலும் கிரீஸும் போய்விடும்.

இனி அந்த ஜோடிக் கருவிக்கு வருகிறேன். நடு அச்சில் இருக்கும் க்விக் ரிலீஸ் கம்பியை உருவி, லாக்ரிங் டூலை உட்கார வைத்து, கம்பியை டூலின் ஓட்டை வழியாகத் திரும்பச் செருகி நட்டைப் போட்டேன், இரண்டு ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு. நட்டு டூலைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். பலம் கொடுக்கும்போது டூல் வெளியே எகிறாமல் காப்பது இதுதான். பல சைக்கிள்களில் வரிகள் மழுங்கியதற்குக் காரணம் இந்த ஒரு கம்பியைப் போடாததுதான் என்பது என் உறுதியான கருத்து.

செயின் விப் என்பது ஓர் இரும்புக் கைப்பிடியில் செயின் துண்டு பொருத்தியது. நீளத் துண்டு பல்லைச் சுற்றிக்கொள்ளும், குட்டித் துண்டு பல்லின் மேல் உட்கார்ந்து கைப்பிடியைத் தாங்கும். இது எதற்கு? லாக்ரிங் சாதாரண மரைதான், இடப்பக்கம் திருப்பினால் கழலும். ஆனால் கேசட்டும் இடப்பக்கம் தடையில்லாமல் சுற்றும், பெடலை மிதிக்காமல் விட்டால் ஓடுகிற திசை அது. நீங்கள் டூலைத் திருப்பினால் கேசட்டும் கூடவே ஓடும். அதை ஓடவிடாமல் பிடித்து நிறுத்துவதுதான் விப்பின் வேலை.

சக்கரத்தைச் சுவரோரம் நிறுத்தி, கேசட் எனக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி வைத்து, மேலிருந்து குனிந்தேன். இடக்கையில் விப், வலக்கையில் டூலைப் பிடித்த ஸ்பேனர். இரண்டு கைப்பிடியும் இருபுறமும் இறக்கை போல நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டையும் தரையை நோக்கி அழுத்த வேண்டும், அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் மயங்கிப்போகிறேன். வலக்கை கொடுக்கிற திருகு விசையை இடக்கை கொடுக்கிற திருகு விசை அப்படியே ஈடுகட்டுகிறது. ஸ்போக்குக்கு ஒன்றும் தெரியாது. ரிம்முக்கு ஒன்றும் தெரியாது. ஹப்பின் உள்ளேயிருக்கும் பொறியில்கூடப் பாரம் ஏறாது. உங்கள் முழு பலமும் லாக்ரிங்குக்கும் பற்களுக்கும் நடுவிலேயே வேலை செய்து அங்கேயே தீர்ந்துவிடுகிறது. சக்கரத்தை வைஸில் கட்ட வேண்டாம், யாரும் வந்து பிடிக்க வேண்டாம். இவ்வளவு நேர்மையான ஏற்பாட்டை யோசித்தவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

அழுத்தினேன். அசையவில்லை. இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். லாக்ரிங்கை இறுக்க வேண்டிய அளவு 40 நியூட்டன் மீட்டர். பல லாக்ரிங்கில் அது முகத்திலேயே பொறித்திருக்கும். 30 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் அது சுமார் 13.5 கிலோ எடை வைத்ததற்குச் சமம். கை வைத்தாலே வரும். துருவேறி மூன்று மடங்கு இறுகியிருந்தால் அதே நுனியில் 40 கிலோ வேண்டும். குனிந்து நிற்கிற ஆளுக்கு, இரண்டு கையிலும் தலா 40 கிலோ என்பது சுலபமல்ல. கைப்பிடியை 60 செ.மீ. ஆக்கினால் 20 கிலோ போதும். ஆகவே பலத்தைத் தேட வேண்டாம், நீளத்தைத் தேடுங்கள். தறிக்கூடத்தில் கிடந்த இரும்புப் பைப்பில் இரண்டு துண்டு வெட்டி, ஸ்பேனருக்கு ஒன்று, விப்புக்கு ஒன்று என்று மாட்டினேன். விப்பைச் சிறிய பல்லிலிருந்து எடுத்து, பெரியதிலிருந்து மூன்றாவது பல்லுக்கு மாற்றினேன். பல் பெரிதானால் அதே திருகு விசைக்குச் செயின் இழுவை குறையும். செயினும் அறாது, பல்லும் வளையாது.

உந்தி உந்தி ஆட்டக் கூடாது. மெதுவாக, சீராக, உடம்பின் பாரத்தை இரண்டு கைக்கும் சமமாக இறக்கிக்கொண்டே போக வேண்டும். இறக்கினேன். இறக்கிக்கொண்டே இருந்தேன்.

‘டக்’!

உடைந்துவிட்டதோ என்று பக்கத்தில் நின்ற பையன் பதறிப்போனான். உடையவில்லை. லாக்ரிங்கின் அடிமுகத்திலும் கடைசிப் பல்லின் மேல்முகத்திலும் பொடிப்பொடியாக ரம்பப் பல் வெட்டியிருப்பார்கள், ஓட்டத்தில் தளராமலிருக்க. அவை ஒன்றையொன்று தாண்டும்போதுதான் அந்தச் சத்தம். முதல் ‘டக்’குக்குப் பிறகு ‘கடக் கடக்’ என்று தொடர்ந்து கேட்டால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று பொருள். சத்தமே இல்லாமல் டூல் வழுக்கிச் சுற்றினால்தான் பயப்பட வேண்டும். முதல் அரைச் சுற்று வந்ததும் க்விக் ரிலீஸ் நட்டைத் தளர்த்திவிடுங்கள். லாக்ரிங் வெளியே வர இடம் வேண்டுமல்லவா?

லாக்ரிங் கையில் வந்தது. கடைசிப் பல்லும் வந்தது. அடுத்த இரண்டும் அசையவில்லை. மேட்டைக் கடித்து உட்கார்ந்திருந்தன. இங்கே சுத்தியலை எடுக்கிறவர்கள் உண்டு. அந்தப் பல்லை எடுக்க வேண்டிய திசை வெளிப்பக்கம் அல்ல. அது மிதிக்கும் திசையில் வெட்டி இறங்கியிருப்பதால், முதலில் அதை எதிர்த் திசையில், பின்னோக்கி, அந்தப் பள்ளத்திலிருந்து விடுவிக்க வேண்டும். ஆனால் பின்னோக்கித் திருப்பினால் ஃப்ரீஹப் முழுவதும் சேர்ந்து ஓடிவிடும். ஆகவே பழைய ஷிமானோ காலத்து வித்தை: இரண்டு விப். ஒன்று பெரிய பல் கட்டை முன்னோக்கிப் பிடிக்க, மற்றது கடித்த பல்லைப் பின்னோக்கி இழுக்க.

என்னிடம் ஒன்றுதான் இருந்தது. பழைய ஒன்பது கியர் செயினை எடுத்துக்கொண்டு நேராக வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

“ஏனுங் தம்பி, இது சுத்தறதுக்குங்களா, புடிச்சு நிறுத்தறதுக்குங்களா?” என்று கேட்டார் பட்டறை அண்ணன்.

“ரெண்டுக்குந்தானுங்கண்ணா. இழுக்கறப்ப அறுந்து போகக்கூடாது.”

“அப்ப செயின்ல வெல்டிங் வெக்க வேண்டாமுங். சூடு பட்டா பதம் போயிரும். ஆணி வெச்சு ரிவெட் அடிச்சுக்கலாம்.”

எவ்வளவு சரியான பேச்சு! 3 மி.மீ. கனத்தில் இரண்டு பட்டை இரும்பை 40 செ.மீ. நீளத்துக்கு வெட்டினார். இரண்டுக்கும் நடுவில் செயினின் உள்கண்ணியைச் செருகி, கண்ணி ஓட்டைக்குச் சரியான ஆணியை இறக்கி, இருபுறமும் தட்டிப் பரப்பினார். நுனியில் நீளச் செயின், கொஞ்சம் தள்ளிக் குட்டித் துண்டு. பழைய ஸ்டாண்டர்டு சைக்கிளின் தடித்த செயின் இதற்கு ஆகாது. ஒன்பது கியர் செயினின் வெளி அகலம் சுமார் 6.6 மி.மீ.; அந்த ஒல்லிதான் பக்கத்துப் பல்லை இடிக்காமல் நடுவில் உட்காரும். வாங்கிய விப்பைவிட இது எனக்கு இன்று பிரியமான கருவி.

கேசட் நன்றாக ஆறியிருந்தது. வாங்கிய விப்பால் பெரிய பல்லை முன்னோக்கிப் பிடித்தேன், பட்டறை விப்பால் கடித்த பல்லைப் பின்னோக்கி அழுத்தினேன். ஒரு மயிரிழை நகர்ந்தது. அந்த மயிரிழைதான் முழு வெற்றி. பள்ளத்தை விட்டு விலகிய பல் விரலால் இழுத்தவுடன் வெளியே வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. மிச்சமிருந்த ரிவெட் கட்டை, பின்புறமிருந்து ஒரு மரக்கட்டையை ஹப்புக்கு ஒட்டினாற்போல வைத்து, ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை எதிர்ப்பக்கம் என்று மெல்லத் தட்டினேன். ஒரே பக்கம் தட்டினால் கோணிக்கொண்டு இன்னும் சிக்கும். ஸ்போக்கில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் வந்த பிறகு அந்த உருளையைப் பார்த்த சந்தோஷம் இருக்கிறதே! வரம்புகளில் பல் வெட்டிய தடங்கள் தெளிவாகத் தெரிந்தன. எழும்பி நின்ற பிசிறை மட்டும் தட்டை அரத்தால் தேய்த்துச் சமமாக்கினேன். பள்ளத்தைத் தேய்த்து மறைக்கப் பார்க்கக் கூடாது, மேடு மெலிந்துவிடும். வெட்டு மேட்டின் அகலத்தில் பாதியைத் தாண்டியிருந்தால் ஃப்ரீஹப்பையே மாற்றிவிடுவேன். இதில் அவ்வளவு ஆழமில்லை. பஞ்சையெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துலக்கினேன்.

திரும்பப் பூட்டுவது எளிது. ஒன்பது மேடுகளில் ஒன்று மட்டும் ஒல்லி. ஒவ்வொரு பல்லிலும் அதற்கு நேரான காடியைப் பார்த்துச் செருகினால் தப்பாகப் போட முடியாது. நடுவில் வரும் ஸ்பேசர்களின் வரிசை மாறக் கூடாது, அவ்வளவுதான். மேடுகளில் மெல்லிய பூச்சாகக் கிரீஸ், லாக்ரிங் மரையிலும் கிரீஸ். பூட்ட விப் வேண்டாம், அந்தத் திசையில் ஃப்ரீஹப் தானே பிடித்து நிற்கும். டார்க் ஸ்பேனர் இல்லாதவர்களுக்கு என் வழி: கொக்கி மாட்டித் தொங்கவிடும் கைத் தராசை 30 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் மாட்டி, ஸ்பேனருக்குச் செங்கோணமாக இழுங்கள். 13.5 கிலோ காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். அதுதான் 40 நியூட்டன் மீட்டர்.

மாமா மகன் அதே சைக்கிளில் இப்போது காங்கேயம் போய்வருகிறான். மேல்காற்று காலம் முடிந்ததும் கேசட்டைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் போட்டுத் திரும்பப் பூட்டுகிறோம். ஒரு கை பலத்தில் கழன்றுவிடுகிறது. உங்கள் கியர் சைக்கிளின் லாக்ரிங் கடைசியாக எப்போது திறந்தது என்று நினைவில்லையா? அது இறுகும்வரை விடாமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே கழற்றிப் பாருங்கள். பொங்கலூர்ப் பக்கம் இருக்கிறவர்கள் சக்கரத்தை எடுத்துக்கொண்டு வாங்க, இரண்டு விப்பும் என்னிடம் இருக்கின்றன.